உதவியா, ஆதரவா, நன்கொடையா?

கிராமப் பள்ளிக்கு நிதி கேட்டு எழுதும் வேண்டுகோளில் 'உதவி', 'ஆதரவு', 'ஒத்துழைப்பு' மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். படிப்பவருக்கு மூன்றும் ஒன்றல்ல. 'தங்கள் மேலான ஆதரவை நாடுகிறோம்' என்றால் மனதார வாழ்த்திவிட்டுக் கடிதத்தை மூடிவிடுவார். பணம் கேட்டதாகவே தோன்றாது. 'ஒத்துழைப்பு' ஆளை அழைக்கும் சொல். ஞாயிற்றுக்கிழமை வந்து சுவருக்கு வெள்ளையடிக்கக் கூப்பிட அது பொருந்தும். பணம்தான் வேண்டுமென்றால் 'நன்கொடை' என்றே எழுத வேண்டும், கூச்சப்படத் தேவையில்லை.

'மாணவர் நலனுக்கு உதவுங்கள்' என்ற வரியை இப்படி மாற்றிப் பாருங்கள்: 'மூன்றாம் வகுப்பில் 24 பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். 8 பெஞ்சுகள் தேவை. ஒரு பெஞ்சின் விலையை நன்கொடையாகத் தாருங்கள்.' கொடுப்பவருக்குத் தன் பணம் எங்கே போகிறதென்று கண்ணுக்குத் தெரிகிறது.

'உதவி'யில் ஒரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் 'அரசு உதவி பெறும் பள்ளி' என்றால் தனியார் நிர்வகிக்க, ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு மானியம் தரும் பள்ளி. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குக் கேட்கும்போது 'உதவி பெறும் பள்ளி' என்று தவறியும் எழுதாதீர்கள். யாரிடம் கொடுப்பது, ரசீது உண்டா என்பதையும் கடைசி வரியில் சேர்த்துவிடுங்கள்.