மே தினத்தில் வேலையா? லீவா, பணமா?

செவ்வாப்பேட்டையில் மின்சார ரெயில் பிடித்து பாக்டரிக்கு ஓடும் தொழிலாளிக்கு, மே 1-ந்தேதியும் ஷிப்ட் விழுவது உண்டு. "இன்னிக்கு வா, வேறொரு நாள் லீவு எடுத்துக்கோ" என்பார் சூப்பர்வைசர். அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர் அல்ல, தொழிலாளிதான்!

தமிழ்நாட்டில் 1958-ம் ஆண்டு வந்த தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தினச் சம்பளம் 600 ரூபாய் என்றால், அன்றைக்கு 1,200 ரூபாய் வாங்கலாம். அல்லது 600 ரூபாயும், இன்னொரு நாள் சம்பளத்தோடு லீவும் கேட்கலாம்.

மாதச் சம்பளக்காரருக்கு ஒரு 600 சம்பளத்திலேயே அடக்கம். இன்னொரு 600 சம்பளச் சீட்டில் தனியாக ஏறியிருக்கணும். பார்த்து வாங்குங்கள்!

வார விடுமுறை கதை வேறு. அன்று உழைத்தால் மாற்று லீவு. வாரத்தில் 48 மணியைத் தாண்டிய நேரத்துக்கு இரட்டைச் சம்பளம்.