நிறமும் மரபும்

கருநிறத்தோர் ஆப்பிரிக்காவில் வாழ்கின்றனர். தென்னிந்தியாவிலும் பாப்புவா நியூகினியிலும் வாழ்கின்றனர். நிறத்தை மட்டும் நோக்கி, இவர்களை ஓரினமாகக் கருதியோர் முன்னர் இருந்தனர். ஆயின், மரபணுக்களை ஒப்பிட்டபோது வேறோர் உண்மை புலப்பட்டது. பாப்புவா மக்கள் ஆப்பிரிக்கரைவிடச் சீனர்க்கே நெருங்கிய உறவினர். எனவே, அறிவியலார் ‘இனம்’ என்னும் சொல்லை விடுத்து, மூன்று வினாக்களுக்கு மூன்று சொற்களைக் கையாள்கின்றனர்.

முதல் வினா, யார் யாரிடமிருந்து தோன்றினர் என்பது. ஒரு மூதாதையையும் அம்மூதாதையின் வழித்தோன்றல்கள் அனைவரையும் உள்ளடக்கிய கிளையே ‘கிளேடு’ எனப்படும். ஒருவரையும் விடாமல் சேர்த்தால்தான் அது கிளேடு ஆகும். கருநிறத்தோரை மட்டும் ஒன்றுசேர்த்தால், பாப்புவா மக்களுக்கு நெருங்கிய உறவினரான சீனர் விடுபடுவர். ஆகவே, கருநிறத்தோர் ஒரு கிளேடு அல்லர். தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ. போன்றவற்றில் கிளேடுகளைத் தெளிவாக வரையலாம். முழு மனிதரை அவ்வாறு ஒரே கிளையில் அடக்க இயலாது. மக்கள் இடம்பெயர்ந்து கலந்தமையால், ஒருவருடைய ஒவ்வொரு மரபணுவும் வெவ்வேறு மூதாதையர் வழியே வந்திருக்கும்.

இரண்டாம் வினா, ஒரு பண்பு இடத்திற்கேற்ப எவ்வாறு மாறுகிறது என்பது. அப்படிப்படியான மாற்றத்தை ஜூலியன் ஹக்ஸ்லி 1938இல் ‘கிளைன்’ எனப் பெயரிட்டார். நைல் ஆற்றின் வழியே தெற்கிலிருந்து வடக்கே செல்பவர், மக்களின் நிறம் சிறிது சிறிதாக வெளிறுவதைக் காண்பார். கருமை முடிந்து வெண்மை தொடங்கும் எல்லையைக் காணார். கடுங்கதிரவன் ஒளி உடலிலுள்ள ஃபோலேட்டைச் சிதைக்கும். கருநிறம் அதனைக் காக்கும். ஒளி குறைந்த வடபுலத்தில் வைட்டமின் டி உருவாக வெளிர்நிறம் துணைபுரியும். நைஜீரியரையும் நார்வேயினரையும் மட்டும் ஒப்பிட்டால் இரண்டு இனங்கள் இருப்பதாகத் தோன்றும். இடைப்பட்ட ஊர்களையும் சேர்த்தால் அத்தோற்றம் மறையும்.

மூன்றாம் வினா, யாரை ஆய்ந்தோம் என்பது. பெரும்பாலும் தமக்குள்ளேயே மணவுறவு கொள்ளும் கூட்டம் ‘மக்கள்தொகுதி’ ஆகும். அதன் எல்லையை இடம், மொழி, மணவழக்கு ஆகியவற்றுள் எதனைக் கொண்டு வகுத்தார் என்பதை ஆய்வாளர் கூறுதல் வேண்டும். எஸ்.எல்.சி.24ஏ5 என்னும் மரபணுவின் ஒரு வடிவம் தோலை வெளிறச் செய்கிறது. ஐரோப்பியருள் ஏறத்தாழ அனைவரிடமும் அது உண்டு. இந்தியாவிலோ சில தொகுதிகளில் மிகுதியாகவும் சிலவற்றில் அரிதாகவும் உள்ளது. அகமணம் நிலவுவதால் அடுத்தடுத்து வாழும் தொகுதிகளும் இதில் வேறுபடலாம். இவ்விழுக்காடு தொகுதிக்கு உரியது. அதனைக் கொண்டு தனியொருவரின் மரபை உறுதிசெய்தல் தவறாகும்.

1972இல் ரிச்சர்டு லெவன்டின், மனித மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள்தொகுதிக்குள்ளேயே அமைந்திருப்பதைக் காட்டினார். நிறத்தைக் கண்டு மரபை உரைப்பவர், கிளைன் ஒன்றைக் கிளேடாகப் பிறழ உணர்ந்தவரே ஆவார்.