மதிப்பெண்ணைத் தின்னும் விடுபட்ட சொல்

"தாங்குதிறன் என்பது ஓரிடத்தில் வாழக்கூடிய அதிகபட்ச உயிரினங்களின் எண்ணிக்கை." பிளஸ் டூ மாணவி ஒருத்தி பயிற்சித் தேர்வில் எழுதிய விடை இது. இரண்டு மதிப்பெண் வினா, கிடைத்தது ஒன்று. "எல்லாம் சரியாத்தானே சார் எழுதியிருக்கேன்?" என்று தாளோடு வந்து நின்றாள்.

'அதிகபட்ச எண்ணிக்கை' இருக்கிறது. எந்த இனம், எந்த வாழிடம் என்பது தெளிவாக இல்லை. அதைவிடப் பெரிய குறை, எவ்வளவு காலம் என்பது இல்லை. என் கவலையெல்லாம் இந்தக் காலச்சொல்லைப் பற்றித்தான்.

அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்றொரு தீவு. 1944-ல் அங்கே 29 கலைமான்களை இறக்கினார்கள். வேட்டையாட ஓநாய் இல்லை. தரையெங்கும் லைக்கன் மண்டிக் கிடந்தது. 1957-ல் 1,350 மான்கள். 1963-ல் ஏறத்தாழ 6,000. அடுத்த குளிர்காலம் கடுமையாக இருந்தது. லைக்கனோ அதற்குள் மேய்ந்து தீர்ந்திருந்தது. 1966-ல் எண்ணியபோது மிஞ்சியவை 42 மட்டுமே.

இப்போது மாணவியின் வரையறையை இந்தத் தீவில் வைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் 6,000 மான்கள் அங்கே வாழ்ந்தனவே, அப்படியானால் தாங்குதிறன் 6,000 என்றாகிவிடும். அது தவறு. அந்த எண்ணிக்கையைத் தீவால் தொடர்ந்து தாங்க முடியவில்லை. 'நெடுங்காலம்', 'வாழிடம் சீரழியாமல்' என்ற சொற்களைத் திருத்துபவர் தேடுவது இதனால்தான்.

நிலைத்தன்மைக்கும் இதே நோய். "இயற்கையைப் பாதுகாப்பது" என்று எழுதிவிடுகிறார்கள். 1987-ல் வந்த பிரண்ட்லேண்ட் அறிக்கை நிலையான வளர்ச்சிக்குத் தந்த வரையறையில் இரண்டு முனைகள் உண்டு: இன்றைய தலைமுறையின் தேவை நிறைவேற வேண்டும், வருங்காலத் தலைமுறை தன் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் திறன் குலையக் கூடாது. ஒரு முனையை விட்டால் பாதி மதிப்பெண் போய்விடும்.

உயிரியப் பல்வகைமையில் சறுக்குவது வேறிடத்தில். "நிறைய விலங்குகளும் தாவரங்களும் இருப்பது" என்றால் பத்தாயிரம் மரம் நிற்கும் தேக்குத் தோப்பும் பல்வகைமை மிக்கதாகிவிடும். மரபணு, சிற்றினம், சூழல்மண்டலம் என்ற மூன்று நிலைகளிலும் காணப்படும் வேறுபாடு என்று எழுதினால் போதும்.

சொல்லை மனப்பாடம் செய்வதைவிடப் புரிந்து சொந்த நடையில் எழுதுவதே மேல் என்பாரும் உண்டு. நடை யாருடையதாகவும் இருக்கட்டும். காலம் விடுபட்டால் கருத்தே மாறிவிடுகிறது.

மான்களின் கதையைக் கேட்ட பிறகு மாணவி மறுபடி எழுதிய விடை இது: "ஒரு வாழிடத்தால் தன் வளங்கள் சீரழியாமல், ஒரு குறிப்பிட்ட இனத்தின் எத்தனை உயிர்களை நெடுங்காலம் தாங்க முடியுமோ, அந்த அதிகபட்ச எண்ணிக்கையே அதன் தாங்குதிறன்." இரண்டுக்கு இரண்டு போட்டேன்.