மீதி ரெண்டு மவுஸ் எங்கே?

போன எபிசோடில் பிஓ, அதாவது பர்ச்சேஸ் ஆர்டர் போடுறதைப் பார்த்தோம். இன்னைக்கு சரக்கு வாசலுக்கு வந்த பிறகு என்ன நடக்கணும்னு பார்ப்போம்.

ஒரு சின்ன ஆபீஸ்னு வெச்சுக்கோங்க. 12 மானிட்டர், 40 மவுஸ் ஆர்டர் போட்டிருக்காங்க. வண்டி வந்து நிக்குது, டிரைவர் டெலிவரி சலானை நீட்டி கையெழுத்து கேக்கிறார். அவருக்கு அடுத்த டெலிவரி இருக்கு, எல்லாத்தையும் பிரிச்சு எண்ணுற வரைக்கும் நிக்க மாட்டார். அதனால பெட்டிகளை மட்டும் எண்ணுங்க. நசுங்கின பெட்டி இருந்தா அங்கேயே போட்டோ எடுங்க. கையெழுத்துக்கு மேல "13 பெட்டி வந்தது, உள்ளே இன்னும் சரிபார்க்கவில்லை"ன்னு அவருடைய காப்பியிலயும் உங்க காப்பியிலயும் எழுதிடுங்க.

அப்புறம் அன்னைக்கே பிரிச்சு எண்ணணும். மானிட்டர்ல எண்ணிக்கை மட்டும் போதாது, பெட்டியில இருக்கிற மாடல் நம்பரையும் பாருங்க. கடைசி ஒரு எழுத்து மாறினாலே வேற ஸ்டாண்டு, வேற போர்ட்டுன்னு வரலாம். நம்ம ஆபீஸ்ல 12 மானிட்டரும் சரி. மவுஸ் 38. சலானைப் பாத்தா அதிலேயும் 38. "அப்போ டாலி ஆயிடுச்சு"ன்னு பல பேர் ஃபைல் பண்ணிடுவாங்க.

இங்கதான் சிக்கல். சலான் சொல்றது சப்ளையர் என்ன அனுப்பினார் என்பதை. நாம என்ன கேட்டோம்னு பிஓ-தான் சொல்லும். அதில் 40. அந்த ரெண்டு, சப்ளையர் சிஸ்டத்தில் 'பாக்கி'ன்னு திறந்தே கிடக்கலாம். நீங்க அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில ரெண்டு வாங்கிட்டீங்க. ஒரு மாசம் கழிச்சு அந்த ரெண்டும் பில்லோட வந்து இறங்கும். திருப்பி அனுப்பவும் முடியாது, ஆர்டரை நீங்க ரத்து பண்ணவே இல்லையே!

அதனால வந்த எண்ணிக்கையை ஜிஆர்என்-ல ஏத்தின கையோட ஒரு மெயில் போடுங்க:

"பிஓ 118: மானிட்டர் 12, மவுஸ் 38 பெற்றுக்கொண்டோம், சலானுடன் ஒத்துப்போகிறது. மீதி 2 மவுஸ் தேவையில்லை. ஆர்டரை இந்த அளவிலேயே மூடி, பாக்கி எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்தவும்."

இதில் "மீதி தேவையில்லை"ங்கிற வரி முக்கியம். வெறும் "சரக்கு வந்தது, நன்றி"ன்னா, அவங்க மீதியை அனுப்பத்தான் பார்ப்பாங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி இன்வாய்ஸையும் பாத்துடுங்க. அதில் 38 இருந்தா பிரச்சினை இல்ல. 40-க்கு பில் போட்டிருந்தா, அதே மெயிலில் ரெண்டு மவுஸுக்கு கிரெடிட் நோட் கேளுங்க. காரணம் அந்த ரெண்டோட விலை மட்டும் இல்ல. ஒரே இன்வாய்ஸ் சரக்கு தவணையா வந்தா, கடைசித் தவணை கைக்கு வந்த பிறகுதான் இன்புட் டாக்ஸ் கிரெடிட் எடுக்க முடியும்னு ஜிஎஸ்டி சட்டம் 16-ஆம் பிரிவு சொல்லுது. வராத ரெண்டு மவுஸுக்காக 12 மானிட்டரோட வரிக் கிரெடிட்டும் சேர்ந்து தொங்கும்.

சப்ளையர் "மூடிட்டோம்"னு போன்ல சொன்னா, அதையே மெயிலில் ஒரு வரி கேட்டு வாங்குங்க. அது வந்த பிறகு உங்க சிஸ்டத்திலயும் பிஓ-வை மூடுங்க.