வரைவு மினிட்ஸோடு போகும் கடிதம்

இந்திய நிறுவனங்களில் இயக்குநர் குழுக் கூட்டம் முடிந்த 15 நாளுக்குள் செயலர் வரைவு மினிட்ஸை எல்லா இயக்குநருக்கும் அனுப்ப வேண்டும். உடன் செல்லும் கடிதத்தின் உயிர், திருத்தம் வந்துசேர வேண்டிய தேதி. அனுப்பியதிலிருந்து 7 நாள் என்பது விதி. ஜூன் 3 கூட்டத்தின் வரைவு ஜூன் 15 அன்று போனால், ‘ஒரு வாரத்துக்குள்’ என்று மழுப்பாமல் ‘ஜூன் 22’ என்றே எழுதுவது நல்லது.

கூட்டத்துக்கு வராதவரும் கருத்துச் சொல்லலாம், ஆனால் எழுத்தில். பதிலே தராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும். இதைக் கடிதத்தில் சொல்லாமல் விட்டால் பின்னால் சச்சரவு வரும். பதிவான வாசகத்தைத் திருத்தலாம். எடுத்த முடிவையே மாற்றச் சொல்வது திருத்தமாகாது. தாமதமாக வந்ததை, குழு அதிகாரம் தந்திருந்தால், தலைவர் பரிசீலிக்கலாம். ஜூலை 3-க்குள் இறுதி வடிவம் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியாக வேண்டும்.