இரண்டு மொழியில் ஒரு நன்றியுரை

தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும் உரையின் சிக்கல், புலம்பெயர் தமிழரின் அரங்கேற்ற மேடையில் தெளிவாகத் தெரியும். டொராண்டோவில் ஒரு பெண்ணின் பரதநாட்டிய அரங்கேற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். வர்ணம் முடிந்து இடைவேளையை ஒட்டித் தந்தை நன்றி சொல்ல எழுகிறார். முன்வரிசையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த அம்மம்மா. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் பெண்ணின் பள்ளித் தோழிகளும் ஆசிரியர்களும். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. மீதி ஆட்களில் பெரும்பாலோருக்கு இரண்டும் தெரியும். கனடாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளோ வீட்டுத் தமிழைப் புரிந்துகொள்வார்கள், மேடைத் தமிழ் வந்தால் கைபேசியை எடுத்துவிடுவார்கள்.

தந்தைக்குச் சட்டென்று தோன்றும் வழி, சொன்னதையெல்லாம் இரண்டு முறை சொல்வது. நியாயமான ஏற்பாடாகத்தான் தெரியும். ஆனால் எட்டு நிமிட உரையில் நான்கு நிமிட விஷயம்தான் இருக்கும். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள், அதாவது அரங்கின் பெரும்பகுதி, ஒவ்வொன்றையும் இரண்டாம் தடவை கேட்க வேண்டிவரும். இரண்டாம் மொழி தொடங்கியதுமே பக்கத்து இருக்கையோடு பேச்சு ஆரம்பமாகிவிடும். அந்தச் சத்தத்தில், அந்த மொழி மட்டுமே தெரிந்தவருக்குத் தன் பங்கும் காதில் விழாது.

இன்னொரு வழி, வீட்டில் பேசுவதுபோல வாக்கியத்துக்குள்ளேயே இரண்டையும் கலப்பது. இருமொழியும் தெரிந்தவர்களிடையே இது மிக இயல்பானது. இதைக் குறையாகப் பார்க்கவும் தேவையில்லை. மேடையில் இது ஏன் தடுக்கிறது என்பதற்குக் காரணம் தமிழ் வாக்கியத்தின் அமைப்பில் இருக்கிறது. “போட்டோ எடுக்கிற ஆக்கள் ப்ளாஷ் யூஸ் பண்ண வேண்டாம்” என்று ஒருவர் அறிவிக்கிறார். தமிழ் தெரியாத தோழியின் காதில் விழுவது போட்டோ, ப்ளாஷ், யூஸ் என்ற மூன்று சொற்கள். ஆங்கிலத்தில் ‘கூடாது’ என்பது வினைக்கு முன்னால் வரும். தமிழில் வாக்கியத்தின் கடைசியில் வரும். அந்தக் கடைசிச் சொல் அவருக்குப் புரியாததால், தடை அனுமதியாகிவிடுகிறது. அடுத்த உருப்படியில் பளிச்சென்று வெளிச்சம் அடித்தால், அறிவித்தவர் தோழியைக் குறைசொல்ல முடியாது. ஒன்றுமே புரியாதவர் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வார். பாதி புரிந்தவரோ முழுதும் புரிந்ததாக நினைத்துவிடுவார்.

ஆகவே மொழி மாறும் இடம் வாக்கியத்தின் நடுவாக இருக்கக் கூடாது. ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்கும் இடமாக இருக்க வேண்டும். ‘போட்டோ’, ‘ஸ்கூல்’ போன்ற சொற்கள் தமிழ்ப் பகுதிக்குள் வருவதில் தவறில்லை. அவை தமிழ் கேட்பவருக்குப் பழகியவை. அந்த வாக்கியத்தையே ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கான அறிவிப்பாகவும் நம்பிவிடுவதுதான் தவறு.

கனடிய அரசியல்வாதிகள் ஒரே உரையில் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பத்தி பத்தியாக மாறுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், அதே முறை போதும் என்று எண்ணக்கூடும். நாடாளுமன்றத்தில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்களும் காதுக் கருவிகளும் உண்டு. அரங்கேற்ற மண்டபத்தில் அந்த வசதி கிடையாது. அங்கே மொழிபெயர்ப்பாளரின் வேலையில் ஒரு பங்கைப் பேசுபவரே செய்தாக வேண்டும்.

அந்தப் பங்கு, ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் மறுமொழியில் ஒரு வாக்கியம் சொல்வது. மகள் நடனம் கற்கத் தொடங்கிய கதையைத் தந்தை தமிழில் ஒன்றரை நிமிடம் சொல்லப்போகிறார் என்றால், அதற்கு முன்பே ஆங்கிலத்தில், ‘ஐந்து வயதில் முதல் வகுப்பிலேயே அழுதுகொண்டு ஓடிவந்த பிள்ளையை அம்மம்மா எப்படித் திரும்பக் கூட்டிப்போனார் என்று தமிழில் சொல்கிறேன்’ என்று சொல்லிவிடலாம். சுருக்கத்தைப் பகுதி முடிந்தபின் சொல்வோரே அதிகம். முன்னால் சொல்வதே நல்லது. என்ன நடக்கிறது என்று தெரிந்த தோழி, தந்தையின் முகத்தையும் அம்மம்மாவின் சிரிப்பையும் பார்த்துக்கொண்டு அந்த ஒன்றரை நிமிடத்தைக் கடத்திவிடுவாள். தெரியாதவளுக்கு அதே நேரம் வெறும் காத்திருப்பு. ஒரே மொழியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் முன்னால் சொன்ன சுருக்கமும் மறந்துபோகும். இது அனுபவக் கணக்குதான், சில அரங்குகள் இன்னும் சற்றுப் பொறுக்கும்.

பிறகு பள்ளி ஆசிரியர்களுக்கும் தோழிகளுக்கும் நன்றி. இதை ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் தமிழில் ஒரு வரி: “இனி பிள்ளையின்ர பள்ளிக்கூட ஆக்களோட இங்கிலீஷில கதைக்கிறன்.” இதுவே ‘இனி என் மகளின் கல்விக்கூடத் தோழமைகளை ஆங்கிலத்தில் விளிக்க விழைகிறேன்’ என்று வந்தால், வீட்டுத் தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைகள் ஆங்கிலம் தொடங்கும்வரை எதையும் கேட்கமாட்டார்கள். தமிழ்ப் பகுதி பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு தலைமுறையே கூடுதலாக உள்ளே வருகிறது.

முழுமையாக இரண்டு மொழியிலும் வர வேண்டியவை சில உண்டு. குருவுக்கான நன்றி அதில் முதலாவது. அரங்கேற்றம் என்பதே குரு மாணவியை அவையின் முன் நிறுத்தும் நிகழ்வு. அந்த நன்றி எவருக்கும் புரியாமல் போகக் கூடாது. அடுத்தது எல்லோரும் செயல்பட வேண்டிய அறிவிப்புகள்: நிகழ்ச்சி மறுபடி தொடங்கும் நேரம், சாப்பாடு எந்த மண்டபத்தில், ப்ளாஷ் கூடாது. நட்டுவாங்கம், மிருதங்கம், பாட்டு, வயலின் கலைஞர்களின் பெயர்களை ஒரு தடவை நிதானமாகச் சொன்னாலே போதும். பெயர் எந்த மொழியிலும் பெயர்தான். யார் என்ன வாசித்தார் என்பதை மட்டும் ஆங்கிலத்தில் சேர்த்தால் சரி.

சிரிப்புதான் மிகவும் சங்கடம். அரங்கின் ஒரு பாதி வெடித்துச் சிரிக்கும்போது மறுபாதி பேந்தப் பேந்த விழிப்பதைவிட ஒதுக்கப்பட்ட உணர்வைத் தருவது வேறில்லை. சிரித்து முடித்தபின் விளக்கினால் இன்னும் மோசம். தமிழ்ச் சிலேடையைக் கைவிட்டுவிட்டு, நடந்த சம்பவத்திலிருந்து வரும் நகைச்சுவையை எடுப்பது நல்லது. சின்ன வயதில் மகள் ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை “முடிஞ்சுதா?” என்று கேட்பாளாம். அந்தச் சொல்லின் பொருளை முன்கூட்டியே ஆங்கிலத்தில் சொல்லிவைத்தால், நீண்ட வர்ணத்தை ஆடி முடித்த பெண்ணைப் பார்த்துத் தந்தை “முடிஞ்சுதா?” என்று கேட்கும்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிரிக்கும்.

எழுதிய உரையைச் சோதிக்க எளிய வழி உண்டு. தமிழ்ப் பகுதிகளை ஒரு நிறத்திலும் ஆங்கிலப் பகுதிகளை இன்னொரு நிறத்திலும் குறித்துக்கொண்டு, தமிழ் தெரியாத நண்பர் ஒருவருக்கு ஆங்கில வரிகளை மட்டும் வாசித்துக் காட்ட வேண்டும். யாருக்கு நன்றி சொன்னார்கள், எதற்காக, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் அவர் திருப்பிச் சொன்னால் அந்தப் பக்கம் சரி. தமிழ் வரிகளை மட்டும் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வாசித்து அதே கேள்விகளைக் கேட்கலாம். எங்காவது தடுமாறினால், அங்கே ஒரு முன்வாக்கியம் விடுபட்டிருக்கிறது.

மேடையில் நிற்கும்போது கவனிக்க வேண்டியது, பேரப்பிள்ளைகள் பாட்டி தாத்தாவின் காதருகே குனிகிறார்களா என்பது. குனிந்தால், அந்தப் பகுதி நீண்டுவிட்டது என்று அர்த்தம். எழுதிவைத்த இடம்வரை காத்திராமல் தமிழில் ஒரு வரி சொல்லிவிடலாம். ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேரே வந்திருந்தால் கதை வேறு. அவர்களுக்காக உரை முழுவதையும் வளைப்பதைவிட, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து மெல்லச் சொல்லச் செய்வதே அரங்குக்கும் அவர்களுக்கும் வசதி.