நாலு இட்லி சாப்பிட்டும் 11 மணிக்கே பசிக்கிறதா? தட்டில் குறைவது இதுதான்!

காலை 8 மணிக்கு வயிறு நிறைய நான்கு இட்லி. ஆனால், 11 மணி ஆவதற்குள் கை தானாகவே பிஸ்கட் டப்பாவைத் தேடிப் போகும். ‘இப்பதானே சாப்பிட்டே, அதுக்குள்ள என்ன பசி?’ என்று வீட்டில் கேலி செய்வார்கள். இதற்குக் காரணம் நாக்குச் சபலம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், வயிறும் குடலும் மூளைக்கு அனுப்பும் தகவல்தான் பசியைத் தீர்மானிக்கிறது. அந்தத் தகவலைக் கொண்டு செல்பவை ஹார்மோன்கள். எவ்வளவு சாப்பிட்டோம் என்பதோடு, என்ன சாப்பிட்டோம் என்பதையும் அவை கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

பசியைக் கிளப்புவது யார்?

1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்த ‘கிரெலின்’தான் பசியைத் தூண்டும் ஹார்மோன். இது பெரும்பாலும் இரைப்பையில் சுரக்கிறது. சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது ரத்தத்தில் இதன் அளவு உயரும், சாப்பிட்டதும் இறங்கும். நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தையும் இது பழகிக்கொள்ளும். தினமும் 11 மணிக்கு டீயும் பஜ்ஜியும் சாப்பிடுபவருக்கு, விடுமுறை நாளிலும் அதே நேரத்தில் வயிறு கூப்பிடுவது அதனால்தான்.

‘போதும்’ என்று சொல்பவை வேறு ஹார்மோன்கள். அவற்றில் ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய் ஆகிய இரண்டும் முக்கியமானவை. உணவு வந்து சேர்ந்ததும் குடலின் உட்சுவரில் உள்ள செல்கள் இவற்றைச் சுரக்கின்றன. இரைப்பையிலிருந்து உணவு குடலுக்கு இறங்கும் வேகத்தை இவை குறைக்கும். மூளைக்கும் திருப்தியைச் சொல்லும். இந்தத் தகவல் முழுமையாகப் போய்ச் சேர 15 முதல் 20 நிமிடங்கள் ஆகலாம். ஐந்து நிமிடங்களில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்புபவர்கள், ‘போதும்’ என்ற குரல் கேட்பதற்குள் இன்னும் இரண்டு இட்லியை உள்ளே தள்ளிவிடுவார்கள்.

புரதமும் நார்ச்சத்தும் என்ன செய்கின்றன?

இந்தத் திருப்தி ஹார்மோன்களை நன்றாகத் தூண்டுவது புரதம். அது செரிக்கவும் நேரம் எடுக்கும்.

நார்ச்சத்து இரண்டு தவணையாக வேலை செய்கிறது. கொண்டைக்கடலை, பருப்பு, வெண்டைக்காய், வெந்தயம், ஓட்ஸ் போன்றவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து, தண்ணீரோடு சேர்ந்து கூழ்போல ஆகி உணவை மெதுவாக இறங்க வைக்கும். இது முதல் தவணை. சில மணி நேரம் கழித்து அது பெருங்குடலைச் சேரும்போது, அங்குள்ள நல்ல பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைக்கும். அப்போது உருவாகும் கொழுப்பு அமிலங்கள் ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய் சுரப்பை மறுபடியும் தூண்டும். இது இரண்டாம் தவணை.

எடை குறைப்புக்காக இப்போது பரவலாகப் பேசப்படும் ஊசி மருந்துகள் ஜி.எல்.பி-1 போலவே செயல்படுபவை. அதற்காக, ‘சுண்டல் சாப்பிட்டால் ஊசி போட்ட பலன்’ என்று நினைத்துவிடக் கூடாது. உடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். வாரம் ஒருமுறை போடும் ஊசி மருந்து நாள் கணக்கில் உடலில் தங்கும். அடுத்த வேளை வரை பசியைத் தள்ளிப்போடுவதுதான் உணவால் ஆகும் காரியம்.

இட்லித் தட்டைக் கொஞ்சம் மாற்றலாம்

‘இட்லியில்தான் உளுந்து இருக்கிறதே?’ என்று கேட்கலாம். நான்கு ஆழாக்கு அரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்து என்பது பல வீடுகளின் கணக்கு. அப்படியென்றால் இட்லியில் பெரும்பகுதி அரிசிதான். நன்றாக அரைத்து, புளிக்க வைத்து, ஆவியில் வேகவைப்பதால் சீக்கிரம் செரித்தும்விடும்.

நடுத்தர அளவு இட்லி ஒன்றில் சுமார் 2 கிராம் புரதம் இருக்கும். நான்கு இட்லி, கொஞ்சம் தேங்காய் சட்னி, தண்ணீராக ஒரு கரண்டி சாம்பார் என்றால் மொத்தம் 10 கிராம் தேறலாம். நார்ச்சத்து அதில் பாதிகூட இருப்பது சந்தேகம். 55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு சுமார் 46 கிராம் புரதம் தேவை. மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 15 கிராம். காலையிலேயே 5 கிராம் கடன் விழுந்துவிடுகிறது.

இப்போது அதே தட்டில் மூன்று இட்லி வையுங்கள். பருப்பு தாராளமாகப் போட்டு, முருங்கைக்காயோ கேரட்டோ சேர்த்த கெட்டி சாம்பார் ஒரு கிண்ணம். கூடவே, வேகவைத்த கொண்டைக்கடலை சுண்டல் அரை கப். இந்தத் தட்டில் புரதம் 18 கிராமைத் தொடும். சுண்டலில் மட்டுமே 7 கிராம் புரதமும் 6 கிராம் நார்ச்சத்தும் கிடைக்கின்றன. சுண்டலுக்குப் பதில் ஒரு முட்டை என்றால் 6 கிராம் புரதம் கிடைக்கும். ஆனால் முட்டையில் நார்ச்சத்து இல்லை. அன்று சாம்பாரில் காயைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கண்ணளவே போதும். தட்டில் பாதி பொரியல், கீரை, கூட்டு போன்ற காய்கறிகள். கால் பங்கு சாதம். மீதி கால் பங்கு கெட்டிப் பருப்பு, பயறு, மீன், முட்டை, பனீர் என ஏதாவது ஒன்று. முதலில் காயைக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு சாதத்துக்கு வந்தால், சர்க்கரை ஏறும் வேகமும் குறையும். உருளைக்கிழங்கு வறுவல் சாதத்தின் கணக்கில் சேரும், காய்க் கணக்கில் சேராது.

எங்கே தவறு நடக்கிறது?

‘நான் ராகிக்கு மாறிட்டேனே, அப்புறமும் பசிக்குதே’ என்பவர்கள் உண்டு. ராகியில் நார்ச்சத்து அரிசியைவிட அதிகம்தான். ஆனால் புரதம் அதிகமில்லை. அதையும் தண்ணீராகக் கரைத்துக் குடித்தால் இரைப்பையை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடும். கூழோடு சுண்டலோ முட்டையோ இருந்தால்தான் தாங்கும்.

அடுத்தது அவசரம். நார்ச்சத்து பழகாத வயிற்றில் ஒரே நாளில் ஒரு கப் சுண்டல் போனால் வாயுவும் உப்புசமும் வரும். முதல் வாரம் இரண்டு டேபிள்ஸ்பூனில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். தண்ணீரும் போதுமான அளவு குடியுங்கள். இல்லாவிட்டால் மலச்சிக்கல் ஆகும்.

மாற்றம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு வாரம், காலை உணவு முடித்த நேரத்தையும் அடுத்த பசி வந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். இடைவெளி மூன்று மணி நேரத்திலிருந்து நான்குக்கு நகர்ந்தால் தட்டு சரியான வழியில் போகிறது. நகரவில்லை என்றால், முந்தைய இரவின் தூக்கத்தையும் பாருங்கள். தூக்கம் குறைந்தாலும் பசி கூடும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்பது அவசியம். சர்க்கரைநோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், இட்லி, சாதத்தின் அளவைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும் அபாயம் உண்டு. அவர்களும் கேட்டுவிட்டே மாற்ற வேண்டும்.

நன்றாகச் சாப்பிட்டும் அடங்காத பசி, கூடவே அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது... இவை தட்டை மாற்றித் தீர்க்கும் விஷயம் இல்லை. சர்க்கரை, தைராய்டு பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.